பதினாறு கட்டம், பதினைந்து எழுத்து

டாஸ் காலத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு ‘பீப்’ சத்தம் நினைவிருக்கும். கம்ப்யூட்டர் ஃபிளாப்பியிலிருந்து ஏதோ ஒரு புரோகிராமை மெதுவாக ஏற்றிக்கொண்டிருக்கும். பொறுமையில்லாமல் நாம் அடுத்த கட்டளையைத் தட்ட ஆரம்பித்துவிடுவோம். திரையில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் தட்டியது வீண்போகாது. கையிலிருந்த வேலை முடிந்ததும், தட்டிய எழுத்துகள் தட்டிய வரிசையிலேயே திரையில் வந்து விழும். ஓர் எல்லையைத் தாண்டினால் மட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் ‘பீப்’ என்று கத்தும். அதன்பின் தட்டிய எதுவும் கணக்கில் சேராது. அந்த எல்லை 15 எழுத்து.

எதையும் 8, 16, 32 என்று வைத்துப் பழகிய கம்ப்யூட்டர் உலகத்தில் 15 எங்கிருந்து வந்தது? 1981இல் ஐபிஎம் தன் முதல் பிசியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதன் அடிப்படை மென்பொருளான பயோஸின் முழு நிரலையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்தது. கீபோர்டுக்காக நினைவகத்தில் இடம் ஒதுக்கும் வரியை அதில் பார்க்கலாம். ஒதுக்கியிருப்பது 16 கட்டம். பக்கத்திலேயே இருக்கும் குறிப்போ 15 எழுத்துக்குத்தான் இடம் என்கிறது. அச்சுப்பிழை இல்லை. எழுதியவர்களுக்கு அந்த ஒரு கட்டம் எங்கே போயிற்று என்பது நன்றாகவே தெரிந்திருந்தது.

நாம் ஒரு விசையைத் தட்டிய கணத்தில் கம்ப்யூட்டர் வேறு வேலையில் இருக்கலாம். அதனால் கீபோர்டு ஓர் ‘இன்டரப்ட்’ கொடுக்கும். அதாவது, ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கணநேரம் நிறுத்தச் சொல்லும். அந்த இடைவெளியில் பயோஸின் ஒரு சிறு பகுதி ஓடிவந்து, தட்டிய எழுத்தை நினைவகத்தில் ஒரு கட்டத்தில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். போட்டதைப் பிறகு சாவகாசமாக எடுப்பது நாம் ஓட்டும் புரோகிராம். போடுபவர் ஒருவர், எடுப்பவர் இன்னொருவர். முதலில் போட்டது முதலில் வெளியே வர வேண்டும். இந்த அமைப்புக்குத்தான் கியூ என்று பெயர்.

கியூவை ஒரு நிலையான அரேயில் எப்படி வைப்பது? முன்னால் இருப்பதை எடுத்ததும் மற்ற எல்லாவற்றையும் ஒரு கட்டம் முன்னுக்குத் தள்ளலாம். ஆனால் ஒன்றை எடுக்கப் பதினான்கை நகர்த்துவது வெட்டிவேலை. இன்னொரு வழி, எதையும் நகர்த்தாமல் இரண்டு எண்களை மட்டும் நகர்த்துவது. அடுத்து எடுக்க வேண்டிய கட்டம் எது என்று சொல்வது ஹெட். அடுத்து போட வேண்டிய கட்டம் எது என்று சொல்வது டெயில். போடும்போது டெயில் ஒன்று முன்னேறும், எடுக்கும்போது ஹெட் ஒன்று முன்னேறும். கடைசிக் கட்டத்தைத் தாண்டியதும் இரண்டுமே முதல் கட்டத்துக்குத் திரும்பிவிடும். அரே நீளமாகத்தான் இருக்கிறது. எண்கள் சுற்றுவதால் அது வட்டமாகிவிடுகிறது. இதுதான் சர்குலர் கியூ, வட்ட வரிசை.

ஐபிஎம் பிசியில் இந்தக் கட்டங்கள் `0040:001E` என்ற முகவரியில் தொடங்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் இரண்டு பைட் வேண்டும்: ஒன்று எழுத்தின் குறியீடு, மற்றது எந்த விசை அழுத்தப்பட்டது என்பதன் குறியீடு. ஆக 16 கட்டத்துக்கு 32 பைட். அதற்குச் சற்று முன்னால், `0040:001A` இல் ஹெட்டும் `0040:001C` இல் டெயிலும் இருக்கும். பயோஸ் இவற்றில் முகவரிகளையே வைத்துக்கொள்கிறது. நாம் எளிமைக்காகக் கட்டங்களுக்கு 0 முதல் 15 வரை எண் கொடுத்துக்கொள்வோம்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் ஹெட்டும் டெயிலும் 0. இரண்டும் ஒன்றாக இருந்தால் வரிசை காலி என்று வைத்துக்கொள்வோம். பயோஸும் அப்படித்தான் வைத்திருக்கிறது. நாம் `dir` என்று தட்டி என்டரையும் தட்டுகிறோம். நான்கு விசைகள் 0, 1, 2, 3 ஆகிய கட்டங்களில் உட்காருகின்றன. டெயில் 4 ஆகிறது. டாஸ் நான்கையும் எடுத்துக்கொள்கிறது, ஹெட்டும் 4 ஆகிறது. இரண்டும் 4, வரிசை மறுபடி காலி. பழைய எழுத்துகளை யாரும் அழிக்கவில்லை, அவை 0 முதல் 3 வரை அப்படியே கிடக்கின்றன. ஆனால் எண்கள் அவற்றைச் சுட்டாததால் அவை இல்லாததற்குச் சமம்.

இப்போது கம்ப்யூட்டர் ஏதோ வேலையில் மூழ்கிவிட்டது. நாம் காத்திருக்காமல் `copy a:*.* b:` என்று தட்டி என்டர் கொடுக்கிறோம். இடைவெளிகளையும் என்டரையும் சேர்த்தால் 14 விசை. (நட்சத்திரக் குறிக்காக அழுத்தும் ஷிஃப்ட் இந்த வரிசையில் இடம் பிடிக்காது.) முதல் 12 விசைகள் 4 முதல் 15 வரையுள்ள கட்டங்களில் போய்விடும். `b` வரை வந்தாயிற்று. அதற்கடுத்த முக்காற்புள்ளி சுற்றிவந்து 0இல் விழும், என்டர் 1இல். டெயில் இப்போது 2. எடுப்பவர் இன்னும் வரவில்லை, ஹெட் 4இலேயே நிற்கிறது.

விடாமல் மறுபடி `dir` தட்டுகிறோம். `d` கட்டம் 2இல் உட்காருகிறது, டெயில் 3. பதினைந்து எழுத்து ஆயிற்று. அடுத்து `i`. கட்டம் 3 காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் பயோஸ் அதில் போடாது. போடுவதற்கு முன் அது ஒரு கேள்வி கேட்கிறது: இதைப் போட்டபின் டெயில் எங்கே போகும்? 4க்கு. அங்கே ஹெட் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் போடாதே, கத்து. ‘பீப்’. அடுத்த `r`க்கும் என்டருக்கும் அதே ‘பீப்’. அசெம்பிளியில் இருப்பதை சி மொழியில் எழுதினால் இவ்வளவுதான்:

```c
next = (tail + 1) % 16;
if (next == head) {
    beep();
} else {
    buf[tail] = key;
    tail = next;
}
```

காலியாக இருக்கும் கட்டத்தை வேண்டுமென்றே விடுவது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் `i`யைக் கட்டம் 3இல் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். பதினாறு கட்டமும் நிறைந்துவிட்டன. டெயில் 4 ஆகிறது. ஹெட்டும் 4. ஹெட்டும் டெயிலும் ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறோம்: காலி. எடுக்க வரும் டாஸ் இரண்டு எண்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் எதையும் தட்டவில்லை என்று போய்விடும். பதினாறாவது எழுத்து மட்டும் போகவில்லை, அதற்கு முன் பத்திரமாக இருந்த பதினைந்தும் சேர்ந்தே போய்விட்டன.

கதை அதோடு நிற்கவும் இல்லை. நாம் தட்டும் `r` கட்டம் 4இல், `copy`யின் `c` மேல் போய் உட்காரும். டெயில் 5. அடுத்த என்டர் கட்டம் 5இல், `o`வை அழித்துவிட்டு. டெயில் 6. இப்போது டாஸ் வந்து பார்த்தால் வரிசையில் இரண்டே விசை: `r`, என்டர். அது `r` என்ற கட்டளையைத் தேடிவிட்டு `Bad command or file name` என்று திரையில் எழுதும். தட்டியவரோ தான் `copy` கொடுத்ததாகச் சத்தியம் செய்வார்.

சரி, அப்படியானால் ஹெட்டும் டெயிலும் சேர்ந்தால் ‘நிறைந்தது’ என்று அர்த்தத்தை மாற்றிவிடலாமே? மாற்றினால் கம்ப்யூட்டரைப் போட்ட கணத்திலேயே, இரண்டும் 0இல் இருக்கும்போதே, வரிசை நிறைந்துவிட்டதாகிவிடும். முதல் எழுத்துக்கே ‘பீப்’.

இது நிரல் எழுதியவரின் சாமர்த்தியக் குறைவு என்று நினைத்துப் பலர் மண்டையை உடைத்துக்கொள்வதுண்டு. டேட்டா ஸ்ட்ரக்சர் படிக்கும் மாணவர்கள், எங்கோ ஒரு `if` சரியாகப் போட்டால் தீர்ந்துவிடும் என்று நம்பி அரைநாள் தொலைப்பார்கள். தீராது. காரணம் வெறும் எண்ணிக்கை. 16 கட்டமுள்ள வரிசையில் 0 எழுத்து இருக்கலாம், 1 இருக்கலாம், இப்படியே 16 வரை இருக்கலாம். மொத்தம் 17 நிலைகள். ஹெட்டும் டெயிலும் நமக்குச் சொல்வது என்ன? ஹெட்டிலிருந்து டெயில் எத்தனை கட்டம் முன்னால் இருக்கிறது என்பதை மட்டும். வட்டத்தில் அந்தத் தூரம் 0 முதல் 15 வரைதான் இருக்க முடியும். மொத்தம் 16 விடைகள். 17 நிலைகளை 16 விடைகளால் பிரித்துச் சொல்ல முடியாது. ஏதோ இரண்டு நிலைகளுக்கு ஒரே விடைதான் வரும். அப்படி மோதிக்கொள்ளும் இரண்டுதான் காலியும் நிறைவும். கட்டங்களை 16லிருந்து 1,600 ஆக்கினாலும் இதே கதைதான், நிலைகள் 1,601 ஆகிவிடும்.

எனவே தப்பிக்க இரண்டே திசை உண்டு. நிலைகளில் ஒன்றைக் குறைக்க வேண்டும், அல்லது விடைகளைக் கூட்ட வேண்டும். ஐபிஎம் முதல் திசையில் போயிற்று. 16 எழுத்து என்ற நிலையே வராமல் தடுத்துவிட்டால் 16 நிலை, 16 விடை, கணக்கு நேராகிவிடும்.

இரண்டாவது திசையில் எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை, எத்தனை எழுத்து இருக்கிறது என்று தனியாக ஓர் எண்ணை வைத்துக்கொள்வது. போடும்போது ஒன்று கூட்டு, எடுக்கும்போது ஒன்று கழி. 0 என்றால் காலி, 16 என்றால் நிறைவு. படிப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் இதைவிட எளிது கிடையாது. போடுவதும் எடுப்பதும் ஒரே புரோகிராம் ஒரே ஓட்டத்தில் செய்வதாக இருந்தால் தாராளமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

போடுபவர் இன்டரப்டாக வரும்போதுதான் வம்பு. இப்போது பள்ளிப் பிள்ளைகள் வரை கையில் வைத்து விளையாடும் ஆர்டுயினோ யூனோவை எடுத்துக்கொள்வோம். அதன் மூளை ஓர் ஏவிஆர் வகைச் சிப். நினைவகத்தில் உள்ள ஓர் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்க அது மூன்று படி எடுக்கும்: எண்ணை உள்ளே கொண்டுவருவது, கழிப்பது, திரும்பக் கொண்டுபோய் வைப்பது. வரிசையில் 7 எழுத்து இருக்கிறது. எடுப்பவர் ஒன்றை எடுத்துவிட்டு, எண்ணைக் குறைக்க 7ஐ உள்ளே கொண்டுவருகிறார். அந்தக் கணம் பார்த்து இன்டரப்ட் வருகிறது. புது எழுத்து ஒன்று உள்ளே போய், எண்ணிக்கை 8 ஆகிறது. இன்டரப்ட் முடிந்ததும் எடுப்பவர் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்: கையில் இருக்கும் 7இல் ஒன்றைக் கழித்து 6 என்று எழுதிவைக்கிறார். ஒன்று வந்து ஒன்று போனதால் இருப்பது 7. ஏட்டில் இருப்பது 6. இன்றைக்கு விழுந்த இந்த ஒன்று, யாரும் வரிசையை மீட்டமைக்கும் வரை நிலைத்து நிற்கும். ஒவ்வொரு செய்தியிலும் கடைசி எழுத்து உள்ளேயே மாட்டிக்கொண்டு, அடுத்த செய்தி வந்தால்தான் வெளியே வரும். இரண்டு படிக்கு நடுவில் இன்டரப்ட் வருவது அபூர்வம் என்பதால், மேசைமேல் சோதிக்கும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும். வாடிக்கையாளர் இடத்தில் மூன்று வாரம் கழித்துத்தான் வெளிப்படும். கழிக்கும் நேரத்தில் இன்டரப்டுகளை நிறுத்திவைத்தால் இது சரியாகிவிடும். மறக்காமல் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்னொரு வழி இருக்கிறது. காலியாக இருக்கும்போது இரண்டு எண்களையும் −1 என்று வைத்துவிடுவது. கடைசி எழுத்தை எடுத்ததும் மறுபடி இரண்டையும் −1 ஆக்க வேண்டும். தேர்வுத்தாளில் இது அழகாகவே ஓடும், 16 கட்டமும் பயன்படும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எடுப்பவர் தன் எண்ணை மட்டும் தொடாமல், போடுபவரின் எண்ணையும் மாற்றுகிறார். அவர் அதை −1 ஆக்கப்போகும் அதே கணத்தில் போடுபவர் ஓர் எழுத்தைப் போட்டு எண்ணை நகர்த்தியிருந்தால், அந்த எழுத்து போயே போயிற்று.

எண்ணிக்கை முறைக்கும் −1 முறைக்கும் நோய் ஒன்றுதான்: ஒரே எண்ணை இருவர் எழுதுகிறார்கள். ஒரு கட்டத்தைக் காலியாக விடும் முறையைப் பாருங்கள். டெயிலைப் போடுபவர் மட்டுமே எழுதுகிறார், ஹெட்டை எடுப்பவர் மட்டுமே எழுதுகிறார். மற்றவர் எண்ணை ஒவ்வொருவரும் படிக்கலாம், தொடக் கூடாது. நடுவில் இன்டரப்ட் வந்தாலும் நடக்கக்கூடியது ஒன்றே: மற்றவர் எண்ணின் சற்றுப் பழைய மதிப்பைப் படித்திருப்பார்கள். பழைய மதிப்பால் ஆபத்து இல்லை. எடுப்பவர் பழைய டெயிலைப் பார்த்தால், இருப்பதைவிடக் குறைவாக இருக்கிறது என்று நினைத்துச் சற்று நேரம் கழித்து எடுப்பார். போடுபவர் பழைய ஹெட்டைப் பார்த்தால், இருப்பதைவிட நிறைந்திருக்கிறது என்று நினைப்பார். இரண்டு தவறும் ஜாக்கிரதையின் பக்கமே சாய்கின்றன.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. மேலே உள்ள நிரலில் முதலில் எழுத்தைக் கட்டத்தில் போட்டுவிட்டுப் பிறகுதான் டெயிலை நகர்த்தியிருக்கிறோம். இந்த வரிசை மாறக் கூடாது. டெயிலை முதலில் நகர்த்தினால், எழுத்து வந்து சேருவதற்குள் எடுப்பவர் அந்தக் கட்டத்தில் கிடக்கும் பழைய குப்பையை எடுத்துப் போய்விடக்கூடும். பல கோர்கள் உள்ள இன்றைய சிப்புகள் வேகத்துக்காக எழுதும் வரிசையைத் தாங்களே மாற்றிக்கொள்ளும். அங்கே இந்த ஒழுங்கைக் காக்கத் தனிக் கட்டளை வேண்டும். கம்பைலரும் தன் பங்குக்கு மாற்றும்.

காலிக் கட்டத்தின் விலை என்ன? கீபோர்டு வரிசையில் இரண்டு பைட். எண்ணிக்கைக்கென்று தனி எண் வைத்திருந்தால் அதற்கும் ஓரிரு பைட் போயிருக்கும், ஆக நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் எல்லா வரிசையிலும் கட்டம் இவ்வளவு சிறியதாக இருக்காது. கேமராவிலிருந்து வரும் படங்களை நான்கு கட்டமுள்ள வட்ட வரிசையில் வைப்பதாகக் கொள்வோம். 1920க்கு 1080 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட் என்றால் ஒரு படம் 62,20,800 பைட், அதாவது ஆறு மெகாபைட்டுக்கு மேல். நான்கில் ஒன்றை எப்போதும் காலியாக வைப்பது நினைவகத்தில் கால்பங்கைப் பூட்டிவைப்பதாகும். அங்கே வேறு வழி பார்க்கத்தான் வேண்டும்.

அந்த வேறு வழியைப் புரிந்துகொள்ளக் கோயில் பிரகாரத்தைச் சுற்றும் இருவரை நினைத்துக்கொள்ளலாம். இருவரும் கொடிமரத்தடியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சேர்ந்தே வந்திருக்கிறார்களா, அல்லது ஒருவர் மற்றவரைவிட ஒரு முழுச் சுற்று கூடுதலாக வந்திருக்கிறாரா? நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. எத்தனையாவது சுற்று என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஹெட்டும் டெயிலும் அதையே செய்தால் போதும். 15க்குப் பிறகு 0க்குத் திரும்பாமல் 16, 17, 18 என்று போய்க்கொண்டே இருக்கட்டும். எந்தக் கட்டம் என்று தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் 16ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ளலாம். அப்போது டெயிலிலிருந்து ஹெட்டைக் கழித்தால் இருக்கும் எழுத்துகளின் எண்ணிக்கையே வந்துவிடும்: 0 என்றால் காலி, 16 என்றால் நிறைவு. கட்டம் எதுவும் வீணாகவில்லை, எண்ணுக்கு ஒரே உரிமையாளர் என்ற ஒழுங்கும் கெடவில்லை.

எண்கள் போய்க்கொண்டே இருந்தால் ஒருநாள் பைட்டின் எல்லையைத் தொடாதா? தொடும், தொட்டாலும் பரவாயில்லை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை வைக்கலாம், 255க்குப் பிறகு தானாகவே 0. ஹெட் 250இல் நிற்கிறது. அதன்பின் 16 எழுத்து போடப்பட்டுவிட்டது. டெயில் 250இலிருந்து 255ஐத் தாண்டிச் சுற்றிவந்து 10இல் நிற்கும். 250ஐ 16ஆல் வகுத்தால் மீதி 10. 10இன் மீதியும் 10. இருவரும் ஒரே கட்டத்தில். ஆனால் 10 − 250ஐ ஒரு பைட் கணக்கில் போட்டால் 16 வரும். நிறைவு! டெயிலும் 250 ஆக இருந்திருந்தால் வித்தியாசம் 0, காலி. சி மொழியில் எழுதுபவர்கள் ஓரிடத்தில் உஷாராக இருக்க வேண்டும்: கழித்தலை மொழி தானாகவே பெரிய எண்ணாக மாற்றிச் செய்து −240 என்று கொடுக்கும், விடையை மறுபடி ஒரு பைட்டுக்குள் அடக்கியாக வேண்டும்.

இந்த வித்தைக்கு ஒரு கறாரான நிபந்தனை, கட்டங்களின் எண்ணிக்கை 2, 4, 8, 16 என்ற வரிசையில் இருக்க வேண்டும் என்பது. 10 கட்டம் வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? எண் 255இல் இருக்கும்போது கட்டம் 5. அடுத்த எண் 0, கட்டமும் 0. 6, 7, 8, 9 ஆகிய நான்கு கட்டங்களை ஒரே தாவலில் தாண்டிவிட்டது. இப்போது டெயில் நிற்கும் 0ஆம் கட்டத்தில், ஹெட் இன்னும் எடுக்காத பழைய எழுத்து இருக்கலாம். முதல் 256 எழுத்து வரை எல்லாம் சரியாக ஓடும், அதன்பின் கலையும். எண்ணுக்கு ஒரு பைட்டுக்குப் பதில் நான்கு பைட் வைத்திருந்தால் நானூறு கோடி எழுத்துக்கு மேல் ஓடியபிறகே கலையும்; சோதனையில் யாரும் அதுவரை போகமாட்டார்கள். லினக்ஸ் கெர்னலில் `kfifo` என்ற வட்ட வரிசை இந்தச் சுற்று எண்ணும் முறையில்தான் ஓடுகிறது, அளவு இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு.

உண்மையில் எத்தனையாவது சுற்று என்பது முழுதாகத் தெரிய வேண்டியதில்லை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று தெரிந்தால் போதும். ஒருவர் மற்றவரைவிட ஒரு சுற்றுக்கு மேல் முந்த முடியாதல்லவா? எனவே 16 கட்டத்துக்கு நான்கு பிட் போதும் என்ற இடத்தில் ஐந்தாவதாக ஒரு பிட் சேர்த்தால் வேலை முடிந்தது. சிப் வடிவமைப்பவர்கள் சிலிக்கானில் இந்த வரிசையை அமைக்கும்போது பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். கீழ் நான்கு பிட்டும் ஒன்றாக இருந்து ஐந்தாவதும் ஒன்றாக இருந்தால் காலி, ஐந்தாவது மட்டும் மாறியிருந்தால் நிறைவு. 17 நிலைகளைப் பிரிக்க 16 விடை போதவில்லை என்றோமே, அந்த ஒரு பிட் விடைகளை 32 ஆக்கிவிடுகிறது.

வரிசை நிறைந்துவிட்டது என்று சரியாகக் கண்டுபிடித்தாயிற்று; பிறகு என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. பயோஸ் கத்துகிறது. ஆர்டுயினோ கத்தாது. யூனோவில் கம்பிவழி வரும் எழுத்துகளுக்கு 64 கட்டம் உண்டு. அங்கேயும் காலிக் கட்டம் விடும் முறைதான், ஆகவே பிடிப்பது 63. நிறைந்தபின் வருவதைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். எதிர்முனை 9600 பாட் வேகத்தில் இடைவிடாமல் அனுப்புகிறது என்றால், எழுத்துக்குப் பத்து பிட் வீதம் நொடிக்கு 960 எழுத்து வரும். நம் புரோகிராமில் யாரோ ஒரு `delay(100)` போட்டிருக்கிறார். அந்தப் பத்தில் ஒரு நொடியில் 96 எழுத்து வந்துசேரும். 63 உள்ளே, 33 காற்றில். இதைவிடக் குழப்புவது சரியாக 64 எழுத்துள்ள செய்திதான். ‘64 கட்டம், 64 எழுத்து’ என்று கணக்குப் பார்த்து, முழுதும் வந்து சேர்ந்தபின் ஒரேயடியாகப் படிக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் விழும். பெரும்பாலும் அது வரி முடிவுக் குறியாகவோ சரிபார்ப்பு எண்ணாகவோ இருக்கும். மற்ற 63உம் ஒழுங்காக வந்திருக்க, எடுப்பவர் வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார். `Serial.available()` எத்தனை முறை கேட்டாலும் 63க்கு மேல் சொல்லாது.

வட்ட வரிசை ஒன்றை எழுதிமுடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. காலி வரிசையில் இரண்டு போட்டு இரண்டு எடுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். மேலே சொன்ன கோளாறுகளில் ஒன்றுகூட அதில் சிக்காது. ஹெட்டும் டெயிலும் 0ஆம் கட்டத்தில் இருக்கும்படி வைத்து, ஏற்காது என்று மறுக்கும்வரை போட்டுக்கொண்டே போங்கள். எத்தனை ஏற்றது என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் எடுத்து, போட்ட வரிசையிலேயே வந்ததா என்று பாருங்கள். பிறகு ஒன்று போட்டு ஒன்று எடுத்து, தொடக்கத்தை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு மறுபடி அதையே செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் தொடங்கிப் பார்த்தாக வேண்டும். சுற்று எண்ணும் முறையாக இருந்தால், எண்களை 250க்கு அருகில் வைத்தும் ஒருமுறை தொடங்க வேண்டும். ஏற்ற எண்ணிக்கை எல்லாத் தொடக்கத்திலும் ஒன்றாகவே வர வேண்டும்: ஒரு கட்டத்தை விட்டிருந்தால் 15, சுற்றை எண்ணியிருந்தால் 16. ஒரே ஒரு தொடக்கத்தில் வேறு எண் வந்தாலும் அந்த நிரலை வெளியே அனுப்பாதீர்கள்.